இருபது மூட்டை

வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முதல் நாள் இரவே குப்புசாமி சொல்லி வைத்திருந்தார், ஆனால் மினி லாரி வாசலுக்கு வந்தபோது மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது, அதற்குள் அவர் திண்ணைக்கும் ரோட்டுக்கும் எத்தனை தடவை நடந்தார் என்று கணக்கே இல்லை.

“ஏனுங் தம்பி, அஞ்சரைக்கு வாரேன்னு போன்ல சொன்னீங்ளே?”

“கோவிச்சுக்கிராதீகய்யா. பாலத்துக்கிட்ட கரும்பு லோடு ஒண்ணக் குறுக்க நிப்பாட்டிட்டு டீ குடிக்கப் போய்ட்டாய்ங்க, ஆளத் தேடிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இம்புட்டு நேரமாயிருச்சு. மொத்தம் எத்தன மூட்டைய்யா?”

“இருவது. விரலி பதினெட்டு, கெழங்கு ரெண்டு. கெழங்கக் கடைசியா ஏத்துங்க, அது வேற லாட்டுல வெக்கோணும்.”

டிரைவர் மதுரைப் பக்கத்து ஆள், பெருந்துறையில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவன், பேச்சு மட்டும் இன்னும் வைகைக் கரையிலேயே நின்றது. அவனும் இன்னொரு ஆளும் மூட்டைகளை ஏற்ற ஏற்ற, வீட்டின் பின்அறையில் நான்கு வருடங்களாக அடைந்து கிடந்த மஞ்சள் வாசனை வாசல் முழுவதும் பரவியது. அது பூங்கொடியின் அம்மா கடைசியாக நின்று வேகவைத்த மஞ்சள். கொப்பரைக்கு அடியில் மஞ்சள் செடியின் காய்ந்த தாளையே எரிய விட்டு, வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்த்து, களத்தில் பதினைந்து நாள் காயப்போட்டு, பாலிஷ் போட்டு வந்ததும் சாக்கு வாயையும் தன் கையாலேயே தைத்துவிட்டு, அந்த ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பூங்கொடி முந்தின நாள் காலைதான் ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருந்தாள். அப்பா போனில் அழைத்துச் சொன்னது ஒரே ஒரு வரிதான்: மஞ்சளை விற்கப் போகிறேன், நீ வந்தாக வேண்டும். எதற்கு என்று கேட்டதற்கு, வா கண்ணு என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

“அப்பா, மாத்தர போட்டுட்டீங்ளா?”

“போட்டாச்சு கண்ணு.”

“பொய் சொல்லாதீங்க. டம்ளர்ல தண்ணி அப்படியே இருக்குது.”

குப்புசாமி எதுவும் பேசாமல் உள்ளே போய் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தார். எட்டு வயது நிதின் ஷூ லேஸைக் கூடக் கட்டாமல் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அப்புச்சி, நான் மூட்டை மேல உக்காந்துனு வரட்டா? ப்ளீஸ்.”

“வேண்டாஞ் சாமி. உழுந்துபோட்டீன்னா உங்கம்மாளுக்கு ஆரு பதில் சொல்றது? முன்னாடி அப்புச்சி மடில உக்காந்துக்க.”

கொடுமுடி ரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் கூடவே வந்தது. நிதின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், ஒரு தோட்டத்தில் மஞ்சள் தாள் அறுத்துக் கிடப்பதைக் கண்டு கையை நீட்டினான்.

“அப்புச்சி, இதான் மஞ்சளா? மேல ஒண்ணுமே இல்லியே.”

“மண்ணுக்குள்ள இருக்குது சாமி. வைகாசில நட்டா தை, மாசிலதான் வெட்டோணும். ஒம்பது மாசம், புள்ளப் பேறு மாதிரி. இந்த வாய்க்காத் தண்ணிக்கு வெளையற மஞ்சளுக்கு நெறம் எச்சு.”

“அவ்ளோ மாசமா! அப்புறம் ஏன் நாலு வருஷம் விக்காம வச்சிருந்தீங்க?”

லாரிக்குள் சட்டென்று பேச்சு நின்றது. பூங்கொடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தலையைத் திருப்பாமலேயே சொன்னாள்.

“உங்க அப்புச்சிக்கு வெல ஏறிட்டே போகோணும்டா. ஏறுனா இன்னும் ஏறும்னு வெச்சிருப்பாங்க, எறங்குனா மறுக்கா ஏறும்னு வெச்சிருப்பாங்க. 2010ல அப்படி வெச்சுத்தான் நம்ம கதையே மாறிப்போச்சு.”

“பூவு...”

“இல்லீங்ளா? பதினாறாயிரத்துக்குக் கேட்டாங்க. குடுக்காம மூட்டையத் திருப்பி ஏத்திட்டு வந்தீங்க. நா பிளஸ் டூ முடிச்சப்ப நாலாயிரங்கூடப் போகுல. நர்ஸிங் சீட்டு கெடச்சும் பீஸ் கட்ட முடியுல. அம்மா விக்கச் சொல்லிச் சொல்லி அழுதுருப்பாங்க, நீங்க கேட்டிருக்க மாட்டீங்க.”

குப்புசாமி பேரனின் ஷூ லேஸைக் குனிந்து கட்டத் தொடங்கினார், அதைக் கட்டி முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. டிரைவர் ரேடியோவைப் போடக் கை வைத்தவன் என்ன நினைத்தானோ எடுத்துக்கொண்டான்.

அந்த ஆண்டு ஈரோட்டில் குவிண்டால் 17,000 ரூபாய்ப் பக்கம் வரைக்கும் போனதும், 2012இல் 4,000க்கும் கீழே இறங்கியதும் இந்த ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். விற்றவர்கள் மாடி கட்டினார்கள், விற்காதவர்கள் வட்டி கட்டினார்கள். மறு வருடம் எல்லோரும் மஞ்சளே நட்டார்கள், விளைச்சல் வந்து குவிந்தது, விலை சரிந்தது. அதில் பூங்கொடி வீட்டுக் கணக்கு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படாமல் அவள் மனதிலேயே இருந்தது.

விற்பனைக்கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மூட்டைகளை இறக்கி, லாட் நம்பர் சீட்டு வைத்து, சாம்பிளுக்குச் சாக்கு வாயைப் பிரித்து விட்டார்கள். அம்மா போட்ட தையலை லோடுமேன் கொக்கியால் இழுத்தபோது பூங்கொடி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணா, அறுக்காதீங்க. நா பிரிச்சுத் தாரேன்.”

அவள் நகத்தால் முடிச்சைத் தளர்த்தி நூலை உருவிச் சுருட்டிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து விரலியை எடுத்து ஒடித்துப் பார்த்தார்கள். நன்றாகக் காய்ந்த மஞ்சள் ஒடியும்போது கிண்ணென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கும் உள்ளே தெரிகிற நிறத்துக்கும்தான் விலை. ஒடித்துப் பார்த்தவர் யாரும் வாயைத் திறப்பதில்லை, சீட்டில் விலையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த லாட்டுக்குப் போய்விடுவார்கள். நிதினும் ஒன்றை எடுத்து ஒடிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“செம்ம ஸ்ட்ராங்கா இருக்கு அப்புச்சி.”

“உங்கம்மிச்சி காயவெச்சதுடா. லேசுல ஒடியுமா?”

அப்போது வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா குத்திய ஒரு பெரியவர் வந்து குப்புசாமியின் தோளில் கை வைத்தார். பழனிச்சாமி, இங்கே ரொம்ப காலம் கணக்கு எழுதியவர், ரிட்டயர் ஆன பிறகும் ஏல நாளில் வராமல் இருக்க முடியாதவர்.

“ஏனுங் குப்புசாமி, நல்லாருக்கீங்ளா? பாத்து எத்தன நாளாச்சு! இது ஆரு, மவளுங்ளா?”

“மவளுந்தானுங்க. மெட்ராஸ்ல இருக்குது. இது பேரன்.”

“அப்படியே அவங்கம்மா சாடையுங்க. அம்மிணி, உங்கம்மாள நா ஒருக்காத்தான் பாத்தேன், ஆனா மறக்குலீங்க. அந்த 2010ல உங்கப்பா பேனாவத் தொறந்து கையெழுத்துப் போடப் போயிட்டாரு. அந்தம்மா வந்து கையப் புடிச்சுப் போட்டாங்க. ‘இருவது வருமுங்க, இன்னம் ஒரு மாசம் பொறுங்க, பூவு படிப்புக்கு ஒரேமுட்டா எடுத்து வெச்சர்லாம்’னு. இவரு எவ்வளவோ சொன்னாரு, அந்தம்மா அசையுலீங்க. மூட்டையத் திருப்பி ஏத்தறப்ப நாந்தான் கேட் பாஸ் எழுதிக் குடுத்தேன்.”

“அட, அதெல்லாம் இப்ப எதுக்குங்க,” என்று குப்புசாமி அவசரமாக இடைமறித்தார். “டீ குடிச்சீங்ளா மொதல்ல?”

“குடிச்சாச்சுங்க. நீங்க ரேட் போட்டதும் பாருங்க, நா அந்தப் பக்கம் போயிட்டு வாரேன்.”

அவர் போன பிறகு பூங்கொடி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் மூட்டைகளை இழுக்கிற சத்தம், யாரோ லாட் நம்பரைக் கத்துகிற சத்தம், அவளுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

“அப்பா.”

“என்ன கண்ணு.”

“அவரு சொன்னது நெசமுங்ளா?”

“பழைய பேச்சு அது.”

“நெசமான்னு கேட்டேனுங்ப்பா.”

“நெசந்தான்.”

“பின்ன ஏன் இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லுல? நா உங்களக் கேக்காத கேள்வி இல்ல. கல்யாணத்தன்னைக்குக் கூடப் பேசுல உங்ககிட்ட.”

குப்புசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பிறகு அதையே பக்கத்து மூட்டையில் விரித்து உட்கார்ந்தார்.

“சொல்லியிருந்தா அவகிட்ட மூஞ்சியத் தூக்கியிருப்ப. நாங்கூட வெடியாலயே தோட்டத்துக்குப் போயிருவன், பொழுதோடத்தான் வருவன், நீ பேசுலீன்னா அது பாட்டுக்குப் போயிரும். அவ எங்க கண்ணு போவா? ரெண்டு பேரும் ஒரே அடுப்படில நிக்கோணும். அதுவுமில்லாம அவ உனக்காகத்தான் வெக்கச் சொன்னா. ஒரு மாசம் கழிச்சு வெல எறங்க எறங்க அவ சோறே திங்குல.”

“நீங்க அன்னைக்கே வித்துருக்கலாமுங்ளே. உங்க பேருல தான் மஞ்சளு.”

“வித்துருக்கலாம். அவ சொன்னதுல எனக்கும் ஆச வந்துருச்சு. ஆரு சொன்னா என்ன, வெச்சது ரெண்டு பேருந்தான்.”

பூங்கொடி அழுதாள், யாரும் பார்க்கிறார்களா என்று கூடப் பார்க்கவில்லை. நிதின் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

“ம்மா, இந்தா குடி. அப்புச்சி திட்டினாரா?”

“இல்லடா கண்ணு. அப்புச்சி யாரையும் திட்ட மாட்டாங்க.”

பதினொரு மணிக்கு மேல் போர்டில் ரேட் எழுதினார்கள். விரலி 12,860, கிழங்கு 11,490. ரேட் பிடிக்காவிட்டால் விவசாயி மறுத்துவிட்டு அடுத்த ஏலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குப்புசாமி போர்டைப் பார்க்கவே இல்லை, மகளைத்தான் பார்த்தார்.

“இதுக்குத்தான் உன்னைய வரச்சொன்னேன். அன்னைக்கு உன்ற படிப்புக்குன்னு சொல்லி நாங்க ரெண்டு பேருமே முடிவெடுத்தோம், உன்னைய ஒரு வார்த்த கேக்குல. இன்னைக்கு நீ சொல்லு. குடுக்கட்டுமா, வெக்கட்டுமா?”

“நானுங்ளா? எனக்கென்ன தெரியுமுங்ப்பா மார்க்கெட்டப் பத்தி?”

“எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சா?”

பூங்கொடி எழுந்து போய் போர்டுக்கு எதிரில் நின்றாள். பக்கத்து லாட்டுகளின் விலையையும் மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள், 13,000க்கு மேல் போனது ஒரே ஒரு லாட், அதுவும் இந்த வருடத்துப் புது மஞ்சள். திரும்பி வந்தாள்.

“விரலியக் குடுத்தர்லாமுங்ப்பா. பழசுக்கு இது நல்ல வெலதான். கெழங்கு ரெண்டு மூட்டையும் வேண்டாம், வூட்டுக்கே எடுத்துட்டுப் போலாம்.”

“ரெண்டு மூட்டைய வெச்சு என்ன பண்ணுவ?”

“ஒண்ண அரைச்சு நா மெட்ராஸுக்குக் கொண்டு போறேன், எங்க பிளாட்ல பாக்கெட்டு மஞ்சத்தூள்தான் எல்லாரும் வாங்கறாங்க, கேட்டுப் பாக்கறேன். இன்னொண்ணு இருக்கட்டும்.”

“செரி.”

“காச என்ன பண்றதுன்னும் நாந்தான் சொல்லோணுமுங்ளா?”

“அதும் நீதான்.”

“மொதல்ல உங்க முட்டிக்கு ஸ்கேன் எடுக்கோணும். மறுக்கா சாக்குச் சொல்லக்கூடாது.”

குப்புசாமி சீட்டில் கையெழுத்துப் போட்டார். எடை மேடைக்கு மூட்டைகளைத் தள்ளத் தொடங்கியதும் டிரைவர் ஓடி வந்தான்.

“ஐயா, கெழங்கு ரெண்டையும் திரும்ப ஏத்தச் சொல்றாய்ங்க, மெய்யாவாய்யா?”

“ஏத்துங்க தம்பி, ரிட்டன் வாடகை கேக்காதீங்க. பூவு, நீ எடை மேடைகிட்ட நில்லு. சாக்குக்கு எவ்வளவு கழிக்கறாங்கன்னு கண்ணு வெச்சுப் பாரு, நானும் பையனும் ஒரு டீ குடிச்சுப்போட்டு வாரோம்.”

“அவனுக்கு டீ வேண்டாமுங்ப்பா, பால் வாங்கிக் குடுங்க.”

“எனக்கு பஜ்ஜி,” என்றான் நிதின்.