பேன்ட்ரி சண்டையும் இரவல் சாமானும்: நோட்டீஸுக்கான வாசகங்கள்

மேடம்,

வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை நோட்டீஸாக மாற்றிக் கேட்டிருந்தீர்கள். மொத்தம் 73 மெசேஜ். குத்தலையும் சிரிப்புப் பொம்மைகளையும் கழித்தால் நிஜமான குறை ஐந்துதான். எழுதியவர்கள் பெயரை எடுத்துவிட்டேன்.

குரூப்பில்: "மீன் குழம்பைச் சூடு பண்ணி மைக்ரோவேவ் முழுக்கத் தெறிக்க விட்டிருக்காங்க. அவங்க வீட்டு அடுப்படியும் இப்படித்தான் நாறுமா?"

நோட்டீஸில்: "மைக்ரோவேவில் சூடு செய்யும்போது பாத்திரத்தை மூடி வைக்கவும். அதற்கான மூடிகள் இரண்டு மேல் அடுக்கில் உள்ளன. தெறித்துவிட்டால் உடனே துடைத்தால் ஈரத்துணியே போதும். துணி பக்கத்திலேயே இருக்கிறது. எவர்சில்வர் டப்பா, ஃபாயில் பொட்டலம் வைக்க வேண்டாம், தீப்பொறி பறக்கும். அவித்த முட்டையை முழுதாக வைத்தால் வெடிக்கலாம், வெட்டி வைக்கவும்."

மீன் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். நானே போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தட்டுக்கு அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது சாம்பார் பருப்பு. யார் என்ன சாப்பிடலாம் என்று ஆபீஸ் சொல்லத் தொடங்கினால் அப்புறம் அதற்கு முடிவே இருக்காது. குரூப்பில் அந்த வரிக்குக் கீழேதான் பேச்சு கெட்டது.

குரூப்பில்: "ஃப்ரிட்ஜில் இருக்கிற தயிர் சாதம் யாரோட பூர்வீகச் சொத்து? பொங்கல் லீவுக்கு முன்னாடி வெச்சது!"

நோட்டீஸில்: "ஃப்ரிட்ஜில் வைக்கும் டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டவும். சமைத்த உணவை 3 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். வெள்ளிதோறும் மாலை 5 மணிக்கு, பெயரில்லாதவையும் நாள் கடந்தவையும் அகற்றப்படும். டப்பா கழுவி ஜன்னல் ஓரம் வைக்கப்படும்."

முதலில் டப்பாவோடு குப்பைக்குப் போகும் என்றுதான் எழுதினேன். நல்ல டப்பா ஒன்று தொலைந்தால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியது நம் ஆள்தானே என்று மாற்றிவிட்டேன்.

குரூப்பில்: "குடிச்ச கப்பைக் கழுவினா மகாராஜாக்களுக்குக் கை தேய்ஞ்சிடுமா?"

நோட்டீஸில்: "பேன்ட்ரியைக் கவனிக்கும் அக்கா 3 மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு சிங்க்கில் போடும் கப் மறுநாள் காலை வரை அப்படியே கிடக்கும். குடித்த கையோடு அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டுகிறோம்."

அவர் 3 மணிக்குப் போவது பாதிப் பேருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அந்த ஒரு தகவலே வேலை செய்துவிடும். தயவுசெய்து என்று மூன்று தடவை போடத் தேவையில்லை.

குரூப்பில்: "என் சார்ஜரைத் தூக்கிட்டுப் போன புண்ணியவான் நல்லா இருக்கட்டும். மீட்டிங் ரூம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் காணோம், அதுக்கும் கால் முளைச்சிடுச்சு."

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. சார்ஜர் அவருடைய சொந்தப் பொருள், பாக்ஸ் ஆபீஸுடையது. பிரித்தே எழுதியிருக்கிறேன்.

நோட்டீஸில்: "ஒருவர் மேசையில் இருக்கும் பொருளை அவர் இல்லாதபோது எடுக்க வேண்டாம். அவசரமென்றால் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். ஆபீஸ் பொருளை (புரொஜெக்டர் கேபிள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டூல் பாக்ஸ்) எடுக்கும்போது ரிசப்ஷன் நோட்டில் பெயரும் நேரமும் எழுதி, அன்றே 6 மணிக்குள் திருப்பி வைக்கவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலைச் செருக வேண்டாம். பாக்ஸ் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1,380 வாட் வரைதான் தாங்கும். நம் கெட்டில் 1,500 வாட்."

கெட்டில் சமாச்சாரம் குரூப்பில் வரவில்லை, நான் சேர்த்தது. போன வாரம் பாக்ஸ் திரும்பி வந்தபோது ஒரு ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. அது பேன்ட்ரிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஐந்தாவது, ஸ்க்ரூடிரைவர் செட். யாரிடம் இருக்கிறது என்பது குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். "சிலர் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதில்லை" என்று போர்டில் போட்டால், அந்தச் சிலர் யார் என்று நாற்பது பேரும் ஒரே மேசையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அதை நோட்டீஸில் சேர்க்கவில்லை. அவருக்குத் தனியாக இப்படி அனுப்பலாமா?

"சார், வணக்கம். ஸ்க்ரூடிரைவர் செட் உங்களிடம் இருப்பதாக நோட்டில் பார்த்தேன். புதன்கிழமை 11 மணிக்கு ஏசி மெக்கானிக் வருகிறார், அப்போது தேவைப்படும். செவ்வாய் மாலைக்குள் ரிசப்ஷனில் கொடுத்துவிட முடியுமா? வேலை இன்னும் முடியவில்லை என்றால் சொல்லுங்கள், மெக்கானிக்கிடமே கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்."

நீங்கள் சரி என்றால் திங்கள் காலை இரண்டு பிரதி எடுத்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்றும் ரிசப்ஷனில் ஒன்றும் ஒட்டிவிடுகிறேன். தயிர் சாதத்தை இன்றே கொட்டிவிட்டேன். டப்பா ஜன்னல் ஓரம் இருக்கிறது, இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.