பத்தாம் வகுப்பு அறிவியல் அலகுத் தேர்வு: வினாவாரிப் பகுப்பாய்வு அறிக்கை

பெறுநர்: தலைமையாசிரியர் மற்றும் அறிவியல் பாட ஆசிரியர்கள், அரசு மேல்நிலைப் பள்ளி, கடலூர் முதுநகர்

இயக்க விதிகள், ஒளியியல், மின்னோட்டவியல் ஆகிய மூன்று அலகுகளிலிருந்து நம் பள்ளி அளவில் நடத்தப்பட்ட 40 மதிப்பெண் தேர்வை ‘அ’ பிரிவில் 38 பேரும் ‘ஆ’ பிரிவில் 36 பேருமாக மொத்தம் 74 மாணவர்கள் எழுதினர். திருத்திய விடைத்தாள்கள் அனைத்தும் பாட ஆசிரியர்களிடமிருந்து பெறப்பட்டு, ஒவ்வொரு வினாவுக்கும் ஒவ்வொரு மாணவரும் பெற்ற மதிப்பெண் தனித்தனியே பதிவு செய்யப்பட்டது. வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 6, நான்கு மதிப்பெண் வினாக்கள் 4 இருந்தன. எல்லா வினாக்களும் கட்டாய வினாக்கள் என்பது இப்பகுப்பாய்வுக்குப் பெரிய வசதியாக அமைந்தது. பொதுத்தேர்வைப் போலப் ‘பத்தில் ஏழுக்கு விடையளி’ என்று இருந்திருந்தால், ஒரு வினாவை விட்டவர் தெரியாமல் விட்டாரா, வேறொன்று எளிதாக இருந்ததால் விட்டாரா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

கணக்கிட்ட முறை வருமாறு. ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தவர்களின் எண்ணிக்கையை மொத்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது கடினத்தன்மை அளவு. பெயர் இப்படி இருந்தாலும், இந்த அளவு கூடக்கூட வினா எளிது என்பதே பொருள். அடுத்தது பிரித்தறியும் அளவு. மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் எடுத்துக்கொண்டு, மேல் குழுவில் சரியாக எழுதியவர்களிலிருந்து கீழ்க் குழுவில் சரியாக எழுதியவர்களைக் கழித்து, ஒரு குழுவின் அளவால் வகுக்க வேண்டும். இந்த 27 விழுக்காடு என்னும் வரையறை 1939இல் ட்ரூமன் கெல்லி புள்ளியியல் அடிப்படையில் நிறுவியது. நமக்கு அது குழுவுக்கு 20 பேர் என அமைகிறது. கீழே P என்பது கடினத்தன்மை அளவு, R சரியாக விடையளித்தோர், N மொத்த மாணவர், D பிரித்தறியும் அளவு, U, L முறையே மேல், கீழ்க் குழுக்களில் சரியாக எழுதியோர்.

```
P = R / N
D = (U - L) / 20
```

கடினத்தன்மை அளவு 0.30க்குக் கீழே சென்றால் வினா மிகக் கடினம் என்றும், 0.80க்கு மேலே சென்றால் மிக எளிது என்றும் இங்கே கொள்ளப்படுகிறது. பிரித்தறியும் அளவு 0.40ஐத் தாண்டினால் வினா நல்ல தரமுடையது, 0.20க்குக் கீழே இருந்தால் அவ்வினாவை மறுபடியும் பார்த்தே ஆக வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கில் ஒரு பங்கினர் சரியாகக் குறித்துவிடுவர் என்பதையும் நினைவில் கொள்க.

| எண் | வினாப் பொருள் | சரியாக எழுதியோர் (74) | கடினத்தன்மை | மேல் 20 | கீழ் 20 | பிரித்தறிதல் |
|---|---|---|---|---|---|---|
| 1 | விசையின் அலகு | 70 | 0.95 | 20 | 17 | 0.15 |
| 2 | நிலைமம் எதனைச் சார்ந்தது | 49 | 0.66 | 18 | 8 | 0.50 |
| 3 | கணத்தாக்கு | 58 | 0.78 | 19 | 12 | 0.35 |
| 4 | உந்தத்திலிருந்து திசைவேகம் | 55 | 0.74 | 20 | 9 | 0.55 |
| 5 | ராக்கெட் இயங்கும் தத்துவம் | 27 | 0.36 | 8 | 7 | 0.05 |
| 6 | ஒளிவிலகல் எண்ணும் ஒளியின் வேகமும் | 44 | 0.59 | 17 | 7 | 0.50 |
| 7 | லென்சின் திறன், குவியத் தொலைவு | 31 | 0.42 | 15 | 4 | 0.55 |
| 8 | கிட்டப்பார்வைக்கான லென்சு | 66 | 0.89 | 20 | 14 | 0.30 |
| 9 | ஒளிச்சிதறலும் அலைநீளமும் | 51 | 0.69 | 17 | 10 | 0.35 |
| 10 | மின்தடையின் அலகு | 72 | 0.97 | 20 | 18 | 0.10 |
| 11 | நீட்டப்பட்ட கம்பியின் மின்தடை | 14 | 0.19 | 5 | 4 | 0.05 |
| 12 | கிலோவாட் மணியை ஜூலாக மாற்றல் | 40 | 0.54 | 16 | 6 | 0.50 |

எழுத்து வினாக்களுக்குச் சரி, தவறு என்று இரண்டாகப் பிரிக்க முடியாது என்பதால், மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பெறக்கூடிய மொத்தத்தால் வகுக்கப்பட்டது. அவ்வாறு கிடைத்த கடினத்தன்மை அளவுகள்: நியூட்டனின் இரண்டாம் விதி (வினா 13) 0.81, நிறை, எடை வேறுபாடு (14) 0.75, ஸ்நெல் விதி (15) 0.65, வானம் நீலமாகத் தோன்றுவதன் காரணம் (16) 0.60, ஓம் விதி (17) 0.84, மின்விளக்குக் கணக்கு (18) 0.40, உந்த மாறாக் கோட்பாட்டை நிறுவுதல் (19) 0.48, குவிலென்சில் பிம்பம் உருவாதல் (20) 0.60, மின்தடைகளின் இணைப்புக் கணக்கு (21) 0.28, ஜூலின் வெப்ப விதியும் பயன்பாடும் (22) 0.68. தேர்வின் சராசரி மதிப்பெண் 24.05.

மிகக் கடினம் என்ற எல்லைக்குள் விழுந்தவை 11, 21 ஆகிய இரண்டு வினாக்களே. அந்த எல்லையை ஒட்டி 5, 7, 18 ஆகியன நிற்கின்றன. இவற்றை ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது என்பதே இவ்வறிக்கையின் முதன்மையான கருத்து. கடினத்தன்மை அளவுகள் அருகருகே இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

வினா 11 ஒரு கம்பியை இருமடங்கு நீளத்துக்கு நீட்டினால் அதன் மின்தடை எத்தனை மடங்காகும் என்று கேட்டது. நீளம் இருமடங்காகும்போது கம்பியின் பருமன் மாறாததால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிவிடும். எனவே மின்தடை 4 மடங்காகும். இதை 14 பேர் மட்டுமே குறித்தனர். 47 பேர் ‘2 மடங்கு’ என்றனர். 9 பேர் பாதியாகும் என்றும் 4 பேர் மாறாது என்றும் எழுதினர். கண்மூடிக் குறித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 18 அல்லது 19ஐக் காட்டிலும் 14 குறைவு என்பது, மாணவர்கள் ஊகிக்கவில்லை, உறுதியாகத் தவறாக நம்புகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. மேல் குழுவின் 20 பேரில் 14 பேர் இதே தவறான விடையைத் தேர்ந்தெடுத்ததுதான் கவலைக்குரியது. மின்தடை நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற வரியை அவர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள். நன்றாகப் படித்ததனாலேயே தவறு செய்தார்கள். ‘நீளமான கம்பி’ என்பதும் ‘நீட்டப்பட்ட கம்பி’ என்பதும் அவர்களுக்கு ஒன்றாகவே இருக்கின்றன. வினாவில் குறையில்லை, பிரித்தறியும் அளவு 0.05 என்பதற்காக இதை நீக்க வேண்டாம். ஒரு ரப்பர் பட்டையை வகுப்பில் இழுத்துக் காட்டி, அது மெலிவதைப் பார்க்கச் செய்தபின் இதே வினாவை எண்களை மட்டும் மாற்றி மீண்டும் கேட்க வேண்டும்.

வினா 5இல் நிலைமை நேர்மாறானது. ராக்கெட் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்ற வினாவுக்கு நியூட்டனின் மூன்றாம் விதி, உந்த மாறாக் கோட்பாடு ஆகிய இரண்டும் தனித்தனி விடைகளாகத் தரப்பட்டிருந்தன. விடைக்குறிப்பில் பின்னது மட்டுமே சரி எனக் கொள்ளப்பட்டது. மூன்றாம் விதியை 38 பேர் தேர்ந்தெடுத்தனர்; அவர்களில் 11 பேர் மேல் குழுவினர். இரண்டுமே சரியான விடைகள் என்பதால் பிழை மாணவரிடம் இல்லை. இரண்டையும் ஏற்றால் சரியாக எழுதியோர் 65 ஆகவும் கடினத்தன்மை 0.88 ஆகவும், பிரித்தறியும் அளவு 0.20 ஆகவும் மாறுகின்றன. ‘இவ்விரண்டும்’ என்னும் விடையைச் சேர்த்து இவ்வினாவைத் திருத்தி எழுதலாம்.

வினா 7 கடினமானதுதான், ஆனால் இவ்வினாத்தாளின் சிறந்த வினாக்களுள் ஒன்று. திறன் -2 டயாப்டர் கொண்ட லென்சின் குவியத் தொலைவு -0.5 மீட்டர் என்பதை மேல் குழுவில் 15 பேரும் கீழ்க் குழுவில் 4 பேரும் கண்டறிந்தனர். +0.5 என்று 21 பேரும், -2 என்று 16 பேரும், +2 என்று 6 பேரும் குறித்திருப்பதால் தவறான விடைகள் மூன்றுமே தத்தம் வேலையைச் செய்துள்ளன. குறியைக் கவனியாதவர், தலைகீழி எடுக்காதவர் என இரு வகையினரையும் இந்த எண்ணிக்கையே நமக்குக் காட்டிவிடுகிறது. இதனை அப்படியே பாதுகாக்கவும். ஒப்பிட்டால் வினா 10 வீணானது. அங்கே வோல்ட், வாட் ஆகியவற்றை ஒவ்வொருவர் குறித்தனர், நியூட்டனை ஒருவரும் குறிக்கவில்லை. தேர்வின் தொடக்கத்தில் மாணவருக்குத் தைரியம் தரும் வகையில் வினா 1 ஒன்று போதும்.

வினா 21, 2 ஓம் மின்தடை ஒன்று, பக்க இணைப்பில் உள்ள 3 ஓம், 6 ஓம் மின்தடைகளுடன் தொடரிணைப்பில் அமைந்து 12 வோல்ட் மின்கலத்தொகுப்புடன் இணைக்கப்படும்போது தொகுபயன் மின்தடையையும் ஒவ்வொன்றின் வழியே செல்லும் மின்னோட்டத்தையும் கேட்டது. தொகுபயன் 4 ஓம். மின்னோட்டங்கள் முறையே 3, 2, 1 ஆம்பியர். முழு மதிப்பெண் பெற்றோர் 9 பேர். விடையே எழுதாமல் விட்டவர்கள் 27 பேர். அந்த 27 பேரில் 9 பேர் ‘அ’ பிரிவினர், 18 பேர் ‘ஆ’ பிரிவினர். வடகிழக்குப் பருவமழை விடுமுறைகளில் ‘ஆ’ பிரிவுக்குரிய இயற்பியல் பாடவேளைகளே அதிகம் போயின என்பதையும், தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் ஆகிய கடலோரப் பகுதிகளிலிருந்து வரும் மாணவர்கள் பலர் அப்பிரிவில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரித்தறியும் அளவு 0.53 என இருப்பதால் வினா நன்று. கற்பித்தலில்தான் இடைவெளி விழுந்திருக்கிறது. ‘ஆ’ பிரிவுக்கு இணைப்புக் கணக்குகளுக்கென இரண்டு கூடுதல் பாடவேளைகள் ஒதுக்கித் தருமாறு தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். 100 வாட், 200 வோல்ட் விளக்கின் மின்னோட்டத்தையும் மின்தடையையும் கேட்ட வினா 18க்கும் (0.5 ஆம்பியர், 400 ஓம்) அதே பாடவேளைகள் உதவும்.

கடினம் என்ற பட்டியலில் வராவிட்டாலும் வினா 2ஐத் தவிர்த்துச் செல்ல இயலவில்லை. நிலைமம் நிறையைச் சார்ந்தது என்னும் விடைக்குப் பதிலாக எடையைக் குறித்த 17 பேரில் 11 பேர், நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு கேட்ட வினா 14க்கு இரண்டுக்கு இரண்டு பெற்றவர்கள். வேறுபாட்டை அட்டவணை போட்டு எழுதத் தெரிகிறது, அடுத்த பக்கத்தில் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை. ஒரு மதிப்பெண் பகுதியில் சராசரி 65 விழுக்காடு, நியூட்டனின் இரண்டாம் விதி, ஓம் விதி ஆகிய வினாக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல், எழுத்துக் கணக்கு வினாக்களில் 40 விழுக்காடும் அதற்குக் கீழும் என்ற இறக்கமும் இதையே சொல்கிறது. மின்கட்டணச் சீட்டில் ‘யூனிட்’ என்று பார்க்கும் கிலோவாட் மணியை ஜூலாக மாற்றும் வினா 12இல் 17 பேர் அடுக்கு 6க்குப் பதில் 3ஐக் குறித்திருப்பது, மணியை நொடியாக்கியபின் கிலோவாட்டை வாட்டாக்க மறந்ததன் விளைவு.

வினா 5இல் மூன்றாம் விதியைத் தேர்ந்தெடுத்த 38 மாணவர்களுக்கும் ஒரு மதிப்பெண் சேர்த்து, விடைத்தாள்களை மாணவரிடம் வழங்குவதற்கு முன்னரே மதிப்பெண் பதிவேட்டைத் திருத்த வேண்டும். இதனால் சராசரி 24.57 ஆகும், 13 மதிப்பெண் பெற்றிருந்த ‘ஆ’ பிரிவு மாணவர் இருவர் தேர்ச்சிக்குரிய 14ஐ அடைகின்றனர்.

இயற்பியல் ஆசிரியர், தேர்வுக் குழுப் பொறுப்பாளர்