21.0975 கி.மீ. ஓடி முடித்துவிட்டேன்!

2 மணி 24 நிமிடம் 37 விநாடி. என் முதல் அரை மாரத்தான். படத்தில் அழுகிற மாதிரி இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், அழுதேன். மெடலைக் கழுத்தில் போட்ட அந்தத் தம்பி "முதல் ரேஸாக்கா?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது.

நேற்று மதியத்திலிருந்து எல்லாரும் "எப்படி முடிந்தது?" என்றுதான் கேட்கிறீர்கள். உண்மையான பதில் ஒன்றே ஒன்று: மெதுவாக ஓடினேன். மாதக்கணக்கில், விடியற்காலையில், மெதுவாக.

ஆரம்பத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவ்வளவுதான் முடிந்தது. அப்புறம் ஓடுபவர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே அறுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். எத்தனையோ முழு மாரத்தான் ஓடியவர், முதல் வாரம் முழுக்க என் பக்கத்திலேயே என் வேகத்திலேயே ஓடினார். ஓடிக்கொண்டே என் வேலையைப் பற்றிக் கேட்பார், பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்பார். எனக்கு மூச்சு வாங்கி, பதில் பாதியில் நின்றால், "பேச முடியலையா? அப்போ வேகம் ஜாஸ்திம்மா, குறை" என்பார். அவர் கதை கேட்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மூச்சை அளந்துகொண்டிருந்தார்.

முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், அதுதான் ஈஸி ரன். வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் அதில்தான். வேகமாக ஓடுவது ஒரே ஒரு நாள். வார இறுதியில் ஒரு லாங் ரன், அதுவும் மெதுவாக. இந்த வேகத்தில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகுவதால், தசையில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை. இதெல்லாம் சார் ஓடிக்கொண்டே சொன்ன பாடம். எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்பு 3 கிலோமீட்டரில் திணறிய அதே வேகத்தில் ஒரு நாள் 10 கிலோமீட்டர் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தேன் என்பதுதான்.

நடுவில் முன்னங்கால் எலும்பு ஓரமாக வலி வந்தது. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அந்த நாட்களில் ஓட்டம் குறைந்தது. படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சி மட்டும் தினமும் நடந்தது. அலாரத்தை மட்டும் மாற்றவில்லை. ஓடாத நாளிலும் 4:30க்கு எழுந்து நடந்தேன். அந்த நேரத்தை விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்த 4:30 பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது என் ஒருத்தியின் நேரம் இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிய ஒவ்வொரு காலையிலும் பிள்ளையை எழுப்பி, தலை வாரி, பை எடுத்துக் கொடுத்துப் பள்ளிக்குக் கிளப்பியவர் என் கணவர். ஒரு நாள்கூட "இன்னைக்குப் போகணுமா?" என்று கேட்டதில்லை. முந்தின ராத்திரியே என் ஷூவையும் சாக்ஸையும் கதவோரம் எடுத்து வைப்பது மகளின் வேலை. அவளே எடுத்துக்கொண்ட வேலை அது. இந்த மெடலில் பாதி அந்த வீட்டுக்குள் ஓடிய ஓட்டத்துக்குத்தான்.

சரி, ரேஸுக்கு வருகிறேன். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஓய்வுதான் பயிற்சியிலேயே பெரிய சோதனை. கால் கனத்தது, பழகியதெல்லாம் போய்விட்டதோ என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றும், நம்பாதே என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள்.

கிளம்பியதும் கூட்டம் முழுக்க என்னைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது. கூடவே ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. 2 மணி 30 நிமிடத்தில் முடிக்கிற வேகத்தைக் காட்டிக்கொண்டே ஓடுபவர், 2:30 கொடி பிடித்த பேசர். அவர் பின்னாலேயே இருந்தேன். 12ஆவது கிலோமீட்டர் வரை அவரோடு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் மேசைகளில் ரெண்டு ரெண்டு வாய். ஆரம்பத்தில் என்னைத் தாண்டிப் போனவர்களில் பலரை 15க்கு மேல் திரும்பப் பார்த்தேன். நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் என்னோடு சேர்ந்து மறுபடி ஓட ஆரம்பித்தாள். பெயர் தெரியாது. கடைசி வரை பக்கத்திலேயே வந்தாள்.

பயிற்சியில் நான் ஓடிய அதிக தூரம் 18 கி.மீ. மிச்ச மூன்றை ரேஸ் அன்றைக்குத்தான் ஓட வேண்டும், திட்டமே அப்படித்தான். 18 என்ற பலகையைத் தாண்டிய நொடியிலிருந்து ஒவ்வொரு அடியும் என் வாழ்க்கையிலேயே நான் ஓடிய அதிக தூரம். தொடை இறுகியது, தோள் காதுவரை ஏறிவிட்டது. "தோளை இறக்கு, கையை ஆட்டு" என்று சார் சொல்வது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வாட்ச் 21.1 என்று காட்டியபோது ஃபினிஷ் லைன் கண்ணுக்கே தெரியவில்லை! பாதையை வளைவுகளின் உள் ஓரமாக, இருப்பதிலேயே குறுகிய கோட்டில் அளப்பார்கள். கூட்டத்தில் நாம் அகலமாகத் திரும்புவதால் கொஞ்சம் கூடத்தான் ஓடுவோம். அது முன்பே தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று, மனசு தளரவில்லை. கடைசி வளைவு திரும்பியதும் மகளின் குரல் கேட்டது. அதற்கப்புறம் நடந்தது எதுவும் சரியாக நினைவில்லை. ஓடும் நேரத்தைக் கணக்கெடுக்கும் சிப் மட்டும் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது.

சார், நீங்கள் முடித்துவிட்டுத் திரும்பி வந்து என் கடைசிக் கிலோமீட்டரில் ஓரமாக நின்று கை தட்டினீர்களே, பார்த்தேன். பதில் சொல்ல மூச்சு இல்லை. இப்போது சொல்கிறேன்: நன்றி. கொட்டாவி விட்டுக்கொண்டே இருட்டில் கூட ஓடிய குழு முழுவதுக்கும் நன்றி. தண்ணீர் மேசையில் நின்று முகம் தெரியாத எங்களையெல்லாம் சட்டையில் குத்திய நம்பர் அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துக் கூப்பிட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. உங்கள் குரலுக்கு எவ்வளவு பலம் என்று உங்களுக்குத் தெரியாது.

இந்த வாரம் முழுக்க ஓய்வு, நடை மட்டும். அடுத்த வாரம் 5 மணிக்கு மறுபடி மெதுவாக ஆரம்பிக்கிறோம். ஓடவே தெரியாது என்பவர்களும் வரலாம். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்க நான் கூட வருகிறேன். மெசேஜ் போடுங்கள். ❤️🏅

#முதல்அரைமாரத்தான் #21கிமீ #விடியற்காலைஓட்டம் #மெதுவாகஓடுவோம்