மெய்யம்மை திருமணத்துக்கு வர இயலாமை குறித்து ஆச்சிக்கு ஒரு கடிதம்

உ
சிவமயம்

தேவகோட்டை,
கார்த்திகை மாதம்.

பள்ளத்தூரில் இருக்கும் ஆச்சி அவர்களுக்கும் அயித்தான் அவர்களுக்கும் தம்பி சொக்கலிங்கம் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் வள்ளியம்மையும் பிள்ளை கண்ணப்பனும் நலமாக இருக்கிறோம். அங்கு நீங்கள் எல்லாரும் நலமாக இருந்து, எடுத்த காரியம் குறைவில்லாமல் நிறைவேற வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

சென்ற வாரம் நீங்கள் இருவரும் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, மெய்யம்மையின் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுப் போனீர்கள். அன்று நான் ‘வருகிறேன்’ என்றும் சொல்லவில்லை, ‘வரவில்லை’ என்றும் சொல்லவில்லை. ஆச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அப்படியே விட்டுவிட்டால் நீங்கள் என்னை எதிர்பார்த்து மற்ற ஏற்பாடுகளைச் செய்துவிடுவீர்கள் என்பதால், இன்னும் போதிய நாள் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். தை மாதம் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்கு என்னால் வர இயலாது. மாப்பிள்ளை அழைப்புக்கும், திருப்பூட்டுக்கும், பெண் அழைத்துக்கொண்டு போகும் நேரத்துக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

காரணம் உங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணன் வருகிறார்கள், வர வேண்டியவர்களும் அவர்கள்தான். எங்கள் இருவருக்கும் இடையில் இருப்பதை இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. கல்யாணக் காரியங்களுக்கு நடுவே வந்துசேரும் ஒரு காகிதத்தில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. அதோடு, நான் எழுதினால் என் பக்கத்தைத்தான் எழுதுவேன். அதைப் படித்த பிறகு நீங்கள் அண்ணனை முன்புபோலப் பார்க்க முடியாமல் போகலாம். உங்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் தம்பிகள். இந்தக் கடிதம் யார் கைக்குப் போனாலும், யார் உரக்கப் படித்தாலும், ஒருவர் மேலும் குறை விழாதபடி இருக்க வேண்டுமென்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணனை அழைக்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நொடியும் நான் நினைக்கவில்லை. அவர்களை அழைத்ததற்காக நீங்கள் என்னிடம் சமாதானம் சொல்ல வேண்டியதும் இல்லை. அப்பச்சிக்குப் பின் நம் வீட்டின் மூத்த புள்ளி அவர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் மூத்தவர் நிற்பதுதான் முறை. மாமக்காரர் செய்ய வேண்டியவற்றையெல்லாம் அண்ணன் கையாலேயே குறைவில்லாமல் செய்யச் சொல்லுங்கள். இளையவன் வரட்டும் என்று எந்தச் சடங்கையும் நிறுத்திவைக்கவோ, எனக்கென்று ஒன்றை ஒதுக்கிவைக்கவோ வேண்டாம்.

ஆளுக்கொரு வேளையாக வந்துபோகலாமே, முதல் நாள் மாலை ஒருவர், மறுநாள் முகூர்த்தத்துக்கு மற்றவர் என்று அயித்தான் சொன்னதாக வள்ளியம்மை சொன்னாள். எங்கள் இருவர் மனமும் நோகக் கூடாது என்ற அன்பினால் சொன்னது அது. அதற்காக அயித்தானுக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் அப்படிச் செய்தால், ஒருவர் கிளம்பிவிட்டாரா, மற்றவர் வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பதே ஆச்சிக்கு வேலையாகிவிடும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த இரண்டு நாளும் உட்காரவே நேரம் இருக்காது. வேவு சாமான் வந்து இறங்கும், பட்டாலையில் சாமான் பரப்ப வேண்டும், பந்தியைக் கவனிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டாரை முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் இடையில் தம்பிகளின் வருகையை நேரம் பார்த்துப் பிரித்துவைக்கும் பொறுப்பையும் உங்கள் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் என்ன, பேசாமல் இருந்துவிட்டுப் போகலாமே என்றும் எண்ணிப் பார்த்தேன். பங்காளிகளும் தாயபிள்ளைகளும் அத்தனை பேரும் கூடியிருக்கும் இடம் அது. நாங்கள் சத்தம் போட மாட்டோம். அந்த அளவுக்கு இருவரும் வளர்ப்பில் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் யார் யாரைப் பார்த்து எழுந்தார், யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார், முகப்பில் யார் இருந்தபோது யார் உள்ளே போனார் என்று பார்ப்பதற்கு ஆள் குறைவாக இருக்காது. பெரியவர்கள் சிலர், நல்ல நாள் என்ற எண்ணத்தில், எங்கள் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைக்கப் பார்ப்பார்கள். அவர்கள் எண்ணத்தில் தவறில்லை. என் மனம் இன்னும் அதற்குப் பக்குவப்படவில்லை, ஆச்சி. பத்துப் பேர் பார்க்கக் கையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழையபடி இருப்பது அண்ணனுக்கும் மரியாதையில்லை, எனக்கும் மரியாதையில்லை. அதைவிட, கழுத்திரு ஏறும் நேரத்தில் மணவறையைப் பார்க்க வேண்டிய கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது நான் மெய்யம்மைக்குச் செய்யும் பெரிய தீங்கு.

மாப்பிள்ளை வீட்டாரையும் நினைத்துப் பார்த்தேன். கானாடுகாத்தானிலிருந்து முதன்முதலாக நம்மோடு சம்பந்தம் செய்கிறவர்கள். இசைகுடிமானம் எழுதி, இரண்டு குடும்பமும் ஒன்றாகிற அன்றைக்கே, பெண்ணின் தாய்மாமன்மார் இருவரும் ஏன் முகம் பார்ப்பதில்லை என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழ வேண்டாம். நாளைக்கு அந்த வீட்டில் வாழப் போகிறவள் மெய்யம்மை. அந்தக் கேள்வி அவளிடம்தான் வந்து நிற்கும்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். நல்ல காரியத்தில் நோய்ப் பேச்சு எதற்கு? மேலும் மறுநாள் காலையில் சிலம்பணிப் பிள்ளையார் கோயிலில் என்னைப் பார்ப்பவர்கள் பள்ளத்தூருக்குச் சொல்லிவிடுவார்கள். உங்கள் வார்த்தைதான் பொய்யாகும். ‘தம்பிக்கு வர இயலவில்லை, வள்ளியம்மையும் பிள்ளையும் வந்திருக்கிறார்கள்’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்கு மேல் கேட்பவர்கள் பதிலைத் தெரிந்துகொண்டே கேட்பவர்கள். அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

ஆம், வள்ளியம்மையும் கண்ணப்பனும் வருவார்கள். முதல் நாள் காலையிலேயே வந்து, எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் திரும்புவார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுக்க வேண்டுமோ தயங்காமல் கொடுங்கள். பலகாரம் செய்யும் நாட்களிலும் கை தேவை என்றால் வள்ளியம்மை முன்னதாகவே வந்துவிடுவாள். மனகோலத்துக்கும் அதிரசத்துக்கும் பக்குவம் பார்க்க அவளைப்போல ஆள் கிடைக்காது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கண்ணப்பன் பெரியப்பச்சியைப் பார்த்தால் விழுந்து கும்பிடுவான். அவனுக்கும் அவர்களுக்கும் இடையில் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது என்று அவனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். மொய்ப் பணத்தை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் புள்ளிக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மொய் ஏட்டில் என் பெயர் இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியாது.

இனி நான் செய்ய விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். மெய்யம்மை பிறந்தது நம் வீட்டில். அவளை முதலில் தோளில் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றி வந்தவன் நான். அவள் கல்யாணத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு வலி என்பதை நீங்கள் அறிவீர்கள். வலி இல்லாததுபோல் எழுத எனக்கு வரவில்லை. ஆகவே, கல்யாணத்துக்கு முன்பே ஒரு நாள் வந்து அவளைப் பார்த்து ஆசீர்வதிக்க அனுமதி வேண்டும். மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் பிள்ளையார் நோன்பு அன்று, உங்களுக்குச் சம்மதமானால், நாங்கள் மூவரும் பள்ளத்தூருக்கே வந்து உங்கள் வீட்டிலேயே இழை எடுத்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு முன் அவள் உங்கள் வீட்டில் எடுக்கும் கடைசி நோன்பு அது. அயித்தான் எல்லாருக்கும் இழை எடுத்துக் கொடுக்கும்போது, மெய்யம்மைக்கு மட்டும் என் கையால் கொடுக்க அனுமதித்தால், அதுவே எனக்குப் போதும். அன்றைக்கு வேறு யாரையும் அழைக்கவோ, இதற்காக வேறு யாரையும் தவிர்க்கவோ வேண்டாம். அண்ணன் அன்று வருவதாக முன்பே பேச்சிருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாங்கள் மறுநாள் காலையில் வருகிறோம்.

தாய்மாமன் சீரையும் அன்றே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். பட்டுப்புடவையும், அவள் ஆசைப்பட்டுக் கேட்ட அரக்குக் கண்டாங்கிச் சேலையும் எடுத்துவைத்தாயிற்று. ஆத்தா வைத்திருந்த வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு சோடி என் பங்கில் இருக்கிறது. அதையும் அவளுக்கே கொடுத்துவிட வள்ளியம்மையும் நானும் முடிவு செய்திருக்கிறோம். சாமான் பரப்பும்போது இவற்றைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டாம். அண்ணன் கொடுக்கும் சீரோடு சேர்த்து, அம்மான் வீட்டுச் சீர் என்று ஒன்றாகவே வையுங்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு, என் மனத்தை மாற்ற யாரையும் அனுப்பிவைக்க வேண்டாம். அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை இது. பெரியவர்கள் வந்து கேட்டு, அவர்கள் முகத்துக்கு நேரே மறுக்க நேர்ந்தால், இன்னொரு வருத்தம் புதிதாகச் சேரும். அண்ணனிடமும், ‘உன்னால்தான் அவன் வரவில்லை’ என்று யாரும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வர வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். அவர்கள் யாரையும் தடுக்கவில்லை. கல்யாணத்தன்று அவர்கள் மனம் நிறைந்து நிற்க வேண்டும்.

மெய்யம்மையிடம் இதை நீங்களே சொல்வதா, நான் வந்து சொல்வதா என்பதை ஆச்சி முடிவு செய்யுங்கள். நான் வரும் வரை பொறுத்திருக்க முடியுமானால் நானே சொல்வது நல்லது என்று தோன்றுகிறது. கடிதத்தில் படித்து அவள் தனியாக அழ வேண்டாம். கல்யாணம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் உறவினர் வீடுகளுக்கு விருந்துக்குக் கிளம்பும்போது, தேவகோட்டைக்கு ஒரு முழு நாளை ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு நான் செய்ய வேண்டிய மரியாதையை என் வீட்டில் வைத்துக் குறைவில்லாமல் செய்கிறேன்.

நோன்பு அன்று வருவதற்கு உங்கள் சம்மதத்தை மட்டும் வள்ளியம்மைக்கு ஃபோனில் சொல்லிவிடுங்கள். இருட்டுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவோம். மாவு பிசைய நெய்யும் வெல்லமும் இங்கிருந்தே கொண்டுவருகிறோம்.

தங்கள் அன்புத் தம்பி,
சொக்கலிங்கம்