ஆகஸ்ட் மாதச் சீட்டுக் கணக்கு: 7-ம் ஏலம், யாருக்கு எவ்வளவு

ஸ்ரீராம்புரம் 1 லட்ச ரூபாய் சீட்டில் இருக்கும் அக்கா, அண்ணா, மாமா, டீச்சரம்மா எல்லோருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை நடந்த ஏலத்தின் பதிவேட்டுப் பக்கத்தை அலுவலகத்துப் பையன் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். பக்கம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், "நீயே பார்த்து எவ்வளவு கட்டணும்னு சொல்லிடு" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். தொகையை மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. எப்படி வந்தது என்பதையும் எழுதுகிறேன். ஒருமுறை பேப்பர் பேனாவோடு நீங்களும் போட்டுப் பாருங்கள். நம்ம பணம், நமக்கே கணக்குத் தெரிய வேண்டும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: ஒரு முழு டிக்கெட்டுக்கு இந்த மாத டிவிடெண்ட் 1,050 ரூபாய். கட்ட வேண்டியது 3,950 ரூபாய். கடைசி நாள் ஆகஸ்ட் 20, செவ்வாய்.

முதலில் படத்தைப் பற்றி. டியூப் லைட் வெளிச்சம் சரியாகத் தள்ளுத் தொகை, அதாவது சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் பணம், எழுதிய இடத்திலேயே விழுந்து வெளுத்துப்போயிருக்கிறது. 26,000 என்றும் படிக்கலாம், 28,000 என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் டிக்கெட்டுக்கு 100 ரூபாய் வித்தியாசம் வரும், அதனால் கண்ணுக்குத் தோன்றியதை வைத்துக் கணக்குப் போட முடியாது. அதே பக்கத்தில் மேலே ஏலம் கேட்ட வரிசை தெளிவாக இருக்கிறது. கமிஷன் தொகையான 5,000-ல் தொடங்கி, 4-ம் டிக்கெட், 16-ம் டிக்கெட், 11-ம் டிக்கெட் மூன்றும் மாறி மாறிக் கேட்டிருக்கின்றன. 4-ம் டிக்கெட் 19,000-ல் நின்றுவிட்டது. 16-ம் டிக்கெட் கடைசியாகக் கேட்டது 25,500. நம் சீட்டில் ஒவ்வொரு கேள்வியும் 500 ரூபாய்தான் ஏறும், ஆகவே அதற்கு அடுத்தது 26,000. கீழே "பரிசுத் தொகை" என்ற கட்டத்தில் 74,000 என்று பளிச்சென்று இருக்கிறது. 1,00,000-ல் 74,000 போனால் 26,000. இரண்டு வழியிலும் ஒரே எண் வருவதால் தள்ளு 26,000 என்பதில் சந்தேகம் இல்லை. அடியில் இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்தும், எடுத்தவரின் கையெழுத்தும் இருக்கின்றன. அதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

இனிக் கணக்கு.

சீட்டுத் தொகை 1,00,000. டிக்கெட் 20. மாதத் தவணை 5,000.
தள்ளு 26,000.
நடத்துபவர் கமிஷன், ஒப்பந்தப்படி 5 சதவீதம்: 5,000.
26,000 − 5,000 = 21,000. இதுதான் எல்லோருக்கும் பிரிக்க வேண்டிய தொகை.
21,000 ÷ 20 = 1,050. இது ஒரு டிக்கெட்டின் டிவிடெண்ட், நம்மில் பலர் கசர் என்று சொல்வது.
5,000 − 1,050 = 3,950. இது ஒரு டிக்கெட்டுக்குக் கட்ட வேண்டியது.

கமிஷன் பற்றி ஒரு வார்த்தை. "இப்போ எல்லா இடத்துலயும் 7 பர்சென்ட்தானே" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டத்தில் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆக உயர்த்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் 7 என்பது அதிகபட்சம், அதை வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. நாம் பிப்ரவரியில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5 என்றுதான் இருக்கிறது, சீட்டு முடியும் வரை அதுதான். 7 கழித்திருந்தால் டிவிடெண்ட் 950 ஆகியிருக்கும். பக்கத்தில் கமிஷன் கட்டத்தில் 5,000 என்றே எழுதியிருக்கிறார்கள், சரியாக இருக்கிறது.

குழப்பம் வரக்கூடிய இன்னொரு இடம், கமிஷனுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 900. அது ஜிஎஸ்டி. கமிஷன் 5,000-க்கு 18 சதவீதம். 2022 ஜூலை 18-க்கு முன்னால் 12 சதவீதமாக இருந்தது, அப்போது சீட்டுப் போட்டவர்களுக்கு 600 என்று ஞாபகம் இருக்கும். இந்த 900-ஐ 21,000-லிருந்து கழித்து, 20,100-ஐ 20-ஆல் வகுத்து, டிவிடெண்ட் 1,005 என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் ஒப்பந்தப்படி அந்த வரி, அந்த மாதம் சீட்டு எடுத்தவரின் தொகையில்தான் பிடிக்கப்படும், எல்லோர் டிவிடெண்டிலும் கை வைக்கக் கூடாது. டிக்கெட்டுக்கு 45 ரூபாய்தானே என்று விட்டுவிடலாம் என்று தோன்றும். 20 டிக்கெட், 20 மாதம் என்று பெருக்கினால் 18,000 ரூபாய்.

அப்படியானால் எடுத்தவருக்கு, அதாவது 11-ம் டிக்கெட் கார்பெண்டர் அண்ணனுக்குக் கைக்கு வருவது 74,000 − 900 = 73,100. அவரும் இந்த மாதத் தவணை 3,950 கட்ட வேண்டும். சீட்டு எடுத்த மாதத்தில் எடுத்தவருக்கு டிவிடெண்ட் கிடையாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் சீட்டில் அப்படி இல்லை, 1,050 அவருக்கும் உண்டு. "கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொடுங்க" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். கழித்தால் 69,150 கையில் வரும். கழிப்பதில் தப்பில்லை அண்ணே, ஆனால் 73,100 வாங்கியதாக ஒன்று, 3,950 கட்டியதாக ஒன்று என இரண்டு ரசீதும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் இருவரின் காகிதம் முடிந்த பிறகுதான் பணம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வரமகாலட்சுமி பண்டிகை 16-ம் தேதி வருகிறது, அதற்கு முன் வேண்டுமென்றால் இன்றைக்கே ஜாமீன்தாரர்களை அழைத்துப் போய்விடுங்கள்.

இப்போது டிக்கெட் வாரியாக.

1, 2, 6, 7, 8, 11, 12, 13, 14, 15, 16, 17, 19, 20 ஆகிய 14 டிக்கெட்டுக்கும் தலா: டிவிடெண்ட் 1,050, கட்ட வேண்டியது 3,950. இதில் 1-ம் டிக்கெட் நடத்துபவருடையது. முதல் மாதமே எடுத்துவிட்டார் என்றாலும் அவரும் மாதம் தவறாமல் கட்ட வேண்டியவர்தான், பக்கத்தில் அவர் பெயரும் இருக்கிறது. 14, 6, 8 மூவரும் ஏற்கனவே எடுத்தவர்கள். எடுத்தவர், எடுக்காதவர் எல்லோருக்கும் ஒரே டிவிடெண்ட்.

3, 4: மளிகைக் கடை அண்ணாச்சியின் இரண்டு டிக்கெட். டிவிடெண்ட் 2,100, கட்ட வேண்டியது 7,900. ஜூனில் 3-ஐ எடுத்துவிட்டார், 4 பாக்கி இருக்கிறது. அதனால் தொகை மாறாது.

5: தையல் அக்காவும் அவர் தங்கையும் பாதிப் பாதி. ஆளுக்கு டிவிடெண்ட் 525, கட்ட வேண்டியது 1,975. அலுவலகத்தில் இந்த டிக்கெட் அக்கா பெயரில் மட்டும்தான் இருக்கிறது, ரசீதும் 3,950-க்கு ஒன்றுதான் வரும். தங்கை தன் 1,975-ஐ அக்காவிடம் ஜிபே செய்யும்போது "ஆகஸ்ட் சீட்டு" என்று குறிப்பு எழுதிவிடுங்கள், பின்னால் உதவும்.

10: ஜூலையில் 3,750-க்குப் பதிலாக 4,000 கட்டியிருக்கிறார். 250 முன்பணம் இருக்கிறது. இந்த மாதம் 3,950 − 250 = 3,700.

அடுத்த இரண்டிலும் பாக்கி இருக்கிறது. இருவரிடமும் தனியாகப் பேசி, எழுதட்டுமா என்று கேட்டு, சரி என்றபிறகே எழுதுகிறேன். யாரும் இதை வைத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கஷ்டம் யாருக்கும் வரும்.

9: ஜூலையில் 3,000 கட்டினார், 750 பாக்கி. இவர் இன்னும் சீட்டு எடுக்காதவர், அதனால் ஒப்பந்தப்படி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி மட்டும்தான்: 7 ரூபாய் 50 பைசா. ஆக 3,950 + 750 + 7.50 = 4,707.50.

18: மே மாதம் எடுத்தவர், ஜூலைத் தவணை கட்டவில்லை. எடுத்தவர் தேதி தாண்டினால் அந்த மாத டிவிடெண்ட் போய்விடும் என்பது நம் ஒப்பந்தம். ஜூலை டிவிடெண்ட் 1,250 இல்லாமல் ஜூலைக்கு முழு 5,000 கட்ட வேண்டும். ஆகஸ்ட் டிவிடெண்ட் இன்னும் கையில்தான் இருக்கிறது. 20-ம் தேதிக்குள் கட்டினால் 5,000 + 3,950 = 8,950. ஒரு நாள் தள்ளினாலும் 10,000. தயவுசெய்து இந்த 1,050-ஐயும் விட்டுவிடாதீர்கள். போன 1,250 நடத்துபவருக்குப் போகிறது, ஏனென்றால் எடுத்தவருக்கு முழுப்பணமும் கொடுக்க அவர்தான் கைப்பணம் போட்டு நிரப்பினார்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, எந்த மாதத்துக்கும் இதைச் செய்யலாம். வசூலாகும் பணமும் வெளியே போகும் பணமும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே: 20 × 3,950 = 79,000. வெளியே: எடுத்தவருக்கு 73,100, வரி 900, கமிஷன் 5,000, மொத்தம் 79,000. ஒரு ரூபாய் இடித்தாலும் எங்கோ தப்பு என்று அர்த்தம், இந்த மாதம் இடிக்கவில்லை. பாக்கி, முன்பணம் எல்லாம் சேர்த்தால் எல்லோரும் 20-ம் தேதிக்குள் கட்டும்போது 84,507.50 சேர வேண்டும்.

"போன மாதம் 3,750 கட்டினோம், இப்போ ஏன் 200 கூட?" என்று பூக்கடை அக்கா கேட்டார். ஜூலையில் தள்ளு 30,000, கமிஷன் போக 25,000, டிவிடெண்ட் 1,250. பள்ளிக் கட்டண நேரம், ஆளாளுக்குப் பணம் வேண்டியிருந்தது, போட்டி போட்டுத் தள்ளினார்கள். இந்தத் தடவை கடைசி வரை கேட்டது இரண்டு பேர்தான். மாதம் போகப் போக எடுக்காதவர்கள் குறைவார்கள், அதனால் தள்ளும் பெரும்பாலும் இறங்கும், கட்ட வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அடுத்த மாதத்துக்கு 4,200 வரை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

ரசீது வாங்கும்போது தவணை 5,000, டிவிடெண்ட் 1,050, கட்டியது 3,950 என்று மூன்று எண்ணும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வெறும் 3,950 என்று மட்டும் எழுதிய ரசீது ஒரு வருடம் கழித்து "1,050 பாக்கி" என்று பேச இடம் கொடுக்கும். பாஸ்புக்கிலும் அதே மூன்று எண், அதே தேதி.

வெளிச்சம் படாமல் இன்னொரு படம் எடுத்து அனுப்பும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன். யாருக்காவது தன் தொகையில் சந்தேகம் இருந்தால் புதன்கிழமை இரவுக்குள் கேளுங்கள். கன்னடம் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தை நீங்களும் ஒருமுறை படித்து நான் எழுதியதோடு ஒத்துப்பாருங்கள். வியாழன் சுதந்திர தினம், அலுவலகம் மூடியிருக்கும்.

13-ம் டிக்கெட்