முட்டை அல்வா: வெள்ளிக்கிழமை விருந்துக்கு

மகள், கந்தளாய்க்குக் குடிபோன பிறகு உன் மாமியார் வீட்டார் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார்கள் என்று உம்மா சொன்னார். பத்துப் பேருக்குச் சிறு துண்டுகளாகப் பரிமாறும் அளவை எழுதியிருக்கிறேன்.

முட்டை 6. சீனி 200 கிராம். பால்மா 100 கிராம், அதைக் கரைக்க 150 மில்லி லீட்டர் தண்ணீர். நெய் 100 கிராம். ஏலக்காய் 8. உப்பு ஒரு சிட்டிகை. கஜு ஒரு கைப்பிடி. நெய்யைக் கிண்ணியாவில் வாங்கி வைத்திருக்கிறேன், தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அது எருமை நெய், வெள்ளையாகத்தான் இருக்கும். மஞ்சளாக இல்லையே என்று சந்தேகப்படாதே.

அல்வா பொரியல்போல் திரண்டு போவதற்குக் கிண்டத் தெரியாததைக் காரணம் சொல்வார்கள். முட்டை முதலில் சூட்டைச் சந்திக்கும் விதம்தான் காரணம். தனி வெள்ளைக்கரு 60 பாகை செல்சியஸைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கிவிடும். பாலும் சீனியும் கலந்தால் அது இறுகுவதற்கு இன்னும் கூடுதலான சூடு தேவைப்படும், நமக்கும் கிண்ட நேரம் கிடைக்கும். ஆகவே எல்லாவற்றையும் அடுப்புக்கு வெளியே, ஆறிய நிலையில் கலந்துகொள். மாமிக்குச் சீனி வருத்தம் என்று சீனியைப் பாதியாக்காதே. அவருக்குச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடு.

பால்மாவை இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் கரைத்து நன்றாக ஆறவிடு. முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்துச் சட்டியில் சேர். நுரை கிளம்பாமல் முள்ளுக்கரண்டியால் அடி. சீனியைப் போட்டவுடன் கலக்கத் தொடங்கு. மஞ்சள் கருவின் மேல் சீனியைக் கொட்டிவிட்டுக் கைப்பேசியை எடுக்கப் போனால், அது கருவின் நீரை உறிஞ்சிச் சின்னச் சின்ன மஞ்சள் கட்டிகளை உண்டாக்கிவிடும். பிறகு அவை கரையவே கரையா. சீனி கரைந்ததும் பாலையும் உப்பையும் சேர்த்துத் தேயிலை வடியில் வடி. வெள்ளைக்கருவின் நூல்போன்ற திரளெல்லாம் வடியில் தங்கிவிடும்.

இனி அடுப்பு. அகன்ற பானையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, அது மெல்லக் கொதிக்கும்போது முட்டைக் கலவைச் சட்டியை அதன்மேல் அமர்த்து. சட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. அகப்பையால் அடியையும் விளிம்பையும் வழித்து வழித்துக் கிண்டு, ஏனெனில் திரளுவது அங்கிருந்துதான் தொடங்கும். கால் மணி நேரமளவில் கலவை தடிக்கும். அகப்பையின் முதுகில் விரலால் ஒரு கோடு இழு. கோடு மூடாமல் நின்றால் போதும், சட்டியை இறக்கு.

அடி கனமான தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் கஜுவை வறுத்து எடு. தாச்சியை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பிறகே கலவையை ஊற்று. கொதிநெய்யில் ஊற்றினால் இவ்வளவு பாடும் வீண். சின்ன அடுப்பில் மிகக் குறைந்த நெருப்பு வை. கச்சான் காற்று வீசினால் குசினி ஜன்னலைச் சாத்து, இல்லாவிட்டால் நெருப்பு அணைந்து அணைந்து எரியும். மீதி நெய்யைக் கரண்டி கரண்டியாகச் சேர். முதலில் விட்டது உள்ளே இழுபட்ட பிறகே அடுத்தது.

இந்தக் கட்டத்தில் மணல்போன்ற மென்மையான குருணை தெரிந்தால் பயப்படாதே, அல்வாவுக்கு அது இயல்பு. வெள்ளையாகத் துண்டு துண்டாய்த் தெரிந்தால்தான் பிழை. உடனே தாச்சியை இறக்கி, அதன் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் வை. இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் விட்டு, ஆறியதும் பிளெண்டரில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் நெருப்பில் ஏற்று. பெரும்பாலும் சரியாகிவிடும்.

கலவை பொன்னிறமாகி, ஒன்றாய்த் திரண்டு, ஓரத்தில் நெய் கக்கத் தொடங்கும்போது ஏலக்காயைப் பொடித்துப் போடு. முன்னதாகப் போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். சிலர் வனிலாவும் விடுவார்கள். முட்டை வாடைக்குப் பயந்து விடுவது அது. நெய் கக்கும்வரை கிண்டினால் வாடை இருக்காது.

நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்திக் கஜுவைப் பதி. முழுதாக ஆறிய பின்பே வெட்டு.

கிண்ட நேரமில்லாவிட்டால் புடிங்காகச் செய். வடித்த கலவையில் கூடுதலாக ஒரு கோப்பை பால், ஒரு மேசைக்கரண்டி உருக்கி ஆறிய நெய், ஏலக்காய்ப்பொடி சேர்த்து நெய் பூசிய கிண்ணத்தில் ஊற்று. மேலே கடதாசி கட்டி மெல்லிய ஆவியில் அவி. ஆவி கடுமையானால் உள்ளே ஓட்டை ஓட்டையாகி நீர் கசியும். நடுவில் இலேசாக ஆடும்போதே இறக்கிவிடு. ஆற ஆற இறுகும்.

அல்வா மிஞ்சினால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வை, மூன்று நாளைக்குள் முடித்துவிடு. உன் மாமாவுக்குக் கொடுக்கும்போது சீனியில்லாத தேநீர் ஊற்று.

சாச்சி