1,44,000 ரூபாய் கொள்முதலைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றக் கோரி

செல்லூர், மதுரை
09.05.2025

கடன் அட்டைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 4417 என்று முடியும் உங்கள் அட்டையை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். செல்லூரில் சிறிய தையல் கூடம் நடத்துகிறேன். இந்த மாதம் 2ஆம் தேதி மதுரையிலேயே ஒரு தையல் இயந்திரக் கடையில் மூன்று பவர் மிஷின்களும் ஒரு ஓவர்லாக் மிஷினும் வாங்கி, 1,44,000 ரூபாயை இந்த அட்டையில் கட்டினேன். அந்தத் தொகையைப் 12 மாதத் தவணையாக, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மாற்றித் தர வேண்டுகிறேன்.

உங்கள் செயலியில் இதே 12 மாதத்துக்கு 18 சதவீதம் என்று காட்டுகிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் அது ஒன்றரை வட்டி. நான் கேட்பது ஒரு வட்டி. 18 சதவீதத்தில் மாதம் 13,202 ரூபாய் வருகிறது. மொத்த வட்டி 14,423 ரூபாய். 12 சதவீதம் என்றால் மாதம் 12,794, மொத்த வட்டி 9,531. வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் வித்தியாசம் 5,770 ரூபாய்க்கு மேல் போகிறது. என்னிடம் காஜா எடுத்து, பட்டன் கட்டும் அக்காவுக்கு அது பல நாள் கூலி.

போன வாரம் உங்கள் பிரிவிலிருந்து என்று சொல்லி ஒருவர் போனில் பேசினார். மாதம் 0.99 சதவீதம்தான், ஒரு வட்டிக்கும் குறைவு என்றார். துருவிக் கேட்ட பிறகுதான் அது ஃபிளாட் வட்டி என்று தெரிந்தது. அசல் குறையக் குறைய வட்டி குறையாமல், கடைசி மாதம் வரை முழு 1,44,000 ரூபாய்க்கும் போடுவது. கூட்டிப் பார்த்தால் 17,107 ரூபாய் வருகிறது. செயலியில் இருக்கும் 18 சதவீதத்தைவிட அதிகம். அதனால் நான் கேட்கும் 12 சதவீதம் குறைந்துவரும் அசலுக்கு மட்டும் போடும் வட்டி என்பதை இங்கேயே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

இரண்டு பள்ளிகளின் சீருடை ஆர்டர் கையில் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் இந்த மிஷின்கள். பாதிப் பணம் துணி கொடுக்கும்போது வரும், மீதி ஜூலை, ஆகஸ்டில்தான். ஜூன் 7 கெடுவில் முழுத் தொகையையும் கட்ட என்னால் முடியாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மூன்றரை வட்டியில் கடனை இழுத்துக்கொண்டு போகவும் எனக்கு விருப்பமில்லை. வங்கியில் நகையை வைத்தால் ஒரு வட்டிக்கும் குறைவாகவே கிடைக்கும். அப்படிச் செய்து உங்கள் பில்லை ஒரே தடவையில் அடைத்துவிடலாம், உங்களுக்கு வட்டி என்று ஒன்றும் வராது. ஆனால் கல்லூரியில் படிக்கும் மகளுக்காகச் சேர்த்த நகையை அடகுக் கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

இந்த ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூடக் கெடு தாண்டியதில்லை. ஒவ்வொரு பில்லையும் முழுதாகவே கட்டியிருக்கிறேன். இதை உங்கள் பதிவிலேயே பார்த்துக்கொள்ளலாம். வட்டியைக் குறைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்குமானால், அதற்கு இதைவிட வேறு காரணம் என்னிடம் இல்லை.

அப்புறம், பள்ளிப் பணம் வந்ததும் மீதி அசலை முன்கூட்டியே கட்டி முடிக்க நினைக்கிறேன். அதற்கு அபராதக் கட்டணம் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். செயலியில் காட்டும் 499 ரூபாய் செயலாக்கக் கட்டணத்தையும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யையும் கட்டச் சம்மதம். நூல், பட்டன் வாங்கிய 6,840 ரூபாய் தவணையில் சேர வேண்டாம், அதை வழக்கம்போல் கெடுவுக்குள் முழுதாகக் கட்டிவிடுவேன்.

18ஆம் தேதி பில் போடுவதற்கு முன் பதில் கிடைத்தால் நல்லது. சம்மதம் என்றால் அசல், வட்டி, வரி, முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எல்லாவற்றையும் மாதவாரியாக மின்னஞ்சலில் அனுப்புங்கள், படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறேன். 12 சதவீதம் முடியாது என்றால் உங்களால் இறங்க முடிந்த வட்டியைச் சொல்லுங்கள். என் எழுத்து ஒப்புதல் இல்லாமல் எந்த வட்டியிலும் மாற்றிவிட வேண்டாம்.

12ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குகிறார். அன்றும் மறுநாளும் செல்லூர்ப் பக்கம் கூட்டமாக இருக்கும், போன் எடுப்பது சிரமம். 14ஆம் தேதியிலிருந்து காலை 10 மணிக்கு மேல், உங்களிடம் பதிவாகியிருக்கும் எண்ணில் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

மிஷின் வாங்கிய ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மு. செல்வி